இனாமாக மாதிரி வேலை கேட்டால் என்ன சொல்வது?

வீட்டிலிருந்து ஆரி வேலை செய்யும் சகோதரிகள் பலர் நம் அலுவலகத்தில் கேட்கும் கேள்வி இது. "மணப்பெண் பிளவுஸ் ஒன்று மாதிரிக்குச் செய்து கொடும்மா. காசு வேண்டாம். கடையில் மாட்டுவோம், இன்ஸ்டாகிராமில் போடுவோம், உனக்கு ஆர்டர் வந்து குவியும்" என்று துணிக்கடைக்காரர் சொல்கிறார். மறுத்தால் வாய்ப்பு போய்விடுமோ என்று பயம். செய்தால் கூலி இல்லை.

முதலில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கூலிக்கு வேலை செய்யும் ஒப்பந்தத்தை ஃபிக்ஹில் இஜாரா என்பார்கள். வேலையும் கூலியும் இன்னதென்று முன்பே தெரிந்திருப்பது அதன் நிபந்தனை. 'பேர் கிடைக்கும்' என்பது எவ்வளவு, எப்போது என்று யாருக்கும் தெரியாத ஒன்று. அதைக் கூலியாக வைக்க முடியாது. சூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். மத்யன் நகரில் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தாமாகவே நீர் புகட்டினார்கள், எதுவும் கேட்கவில்லை. ஆனால் அப்பெண்களின் தந்தை, அதற்கும் கூலி தருவதற்காக அவர்களை அழைத்தார். பிறகு பேசிய ஒப்பந்தத்தில், தம் மகளை மணமுடித்துத் தருவதற்குப் பகரமாக எட்டு ஆண்டு வேலை என்று வரையறுத்தார். பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம் என்றார். கூடுதலாகக் கொடுப்பது வேலை செய்பவரின் விருப்பம் என்பது இதில் தெளிவாகிறது.

இனி கணக்கு. பின் கழுத்துக்கும் இரண்டு கைகளுக்கும் ஆரி வேலை என்று வைத்துக்கொள்வோம். நூல், மணி, ஜர்தோசி, கல் எல்லாம் சேர்த்து 600 ரூபாய். வேலை 20 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்றால் 1,200. ஆக 1,800 ரூபாயை அந்தச் சகோதரி கடைக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறார். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

கேட்பவரின் நோக்கத்தை அறிய ஓர் அடையாளம் உண்டு. உங்கள் கை எப்படி என்று பார்க்க விரும்புகிறவருக்குக் கையகலத் துணி போதும். அளவு பிளவுஸைக் கொடுத்து, சேலையின் நிறத்தைச் சொல்லி, 'இந்தத் தேதிக்குள் வேண்டும்' என்றால் அது மாதிரி அல்ல. யாரோ ஒரு மணப்பெண்ணின் ஆர்டர் அது. அந்தப் பெண்ணிடம் கடைக்காரர் பணம் வாங்கிக்கொள்வார்.

அதற்காகக் கோபப்பட வேண்டியதில்லை. கதவைச் சாத்தவும் வேண்டாம். வகுப்பில் போட்டுப் பழகிய துண்டுகளையே முதலில் காட்டலாம். பகல் வெளிச்சத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள். ஆரி சங்கிலித் தையல் என்பதால், முடிவில் முடிச்சு சரியாக விழாவிட்டால் நூலை இழுத்ததும் பிரிந்துவிடும். விவரம் தெரிந்த கடைக்காரர் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். அதுவும் போதாது என்றால் இப்படிச் சொல்லலாம்:

"லாத்தா, என்னை நினைத்துக் கேட்டதற்கு ஜஸாக்கில்லாஹ் கைரன். முழு பிளவுஸ் இனாமாகச் செய்ய எனக்கு வசதிப்படாது. நீங்கள் சொல்லும் டிசைனில் ஆறு அங்குலத்துக்கு நாலு அங்குலத் துண்டு ஒன்று போட்டுத் தருகிறேன்; சாமானோடு 250 ரூபாய். துண்டு உங்களுக்கே. பிடித்திருந்தால் முதல் ஆர்டராகக் கை வேலை மட்டும் கொடுங்கள். சாமான் உங்களுடையது, கூலி 720, பாதி முன்பணம். ஐந்து பிளவுஸ் ஆனதும் அந்த 250ஐ நானே கழித்துக்கொள்கிறேன்."

துண்டுக்கு மூன்று மணி நேரக் கூலி 180, சாமான் 70. கை வேலைக்கு 12 மணி நேரம். ஐந்து ஆர்டரில் 3,600 ரூபாய் கூலி வருவதால் 250ஐ விட்டுக்கொடுக்க இடமிருக்கிறது. முதல் ஆர்டரிலேயே கழித்தால் அந்தத் துண்டு மீண்டும் இனாமாகிவிடும்.

வேலை, கூலி, தரும் நாள் மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி, 'சரி' என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை ஒப்படைத்த பிறகு நிற்கும் பாக்கி ஒரு கடன். கடனை எழுதிக்கொள்ளும்படி சூரத்துல் பகராவில் அல்லாஹ் கட்டளையிடுகிறான்.

இவ்வளவு சொல்லியும் சிலர் வேறு ஆளைத் தேடிப் போவார்கள். அப்படிப் போனால் உங்கள் 20 மணி நேரமும் 600 ரூபாய்ச் சாமானும் உங்களிடமே இருக்கும். ஏழை மணப்பெண்ணுக்கு அல்லாஹ்வுக்காக இனாமாகச் செய்ய மனம் வந்தால் தாராளமாகச் செய்யுங்கள், அது ஸதகா. அதை நீங்களே நிய்யத் வைத்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அல்லாஹ் உங்கள் கைத்தொழிலில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.