சொல்லின் வெம்மை

பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில், ஒரு வீட்டின் முதியவர் இறந்துபட்டார் என்று கொள்வோம். சென்னையில் பணிபுரியும் அவருடைய மகனுக்குச் செய்தி எட்டுகிறது. அவன் தன் அலுவலக மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, “மை ஃபாதர் எக்ஸ்பயர்ட்” என்று கூறி நான்கு நாள் விடுப்பு வேண்டுகிறான். அவன் குரலில் தடுமாற்றம் இல்லை. அன்று இரவு ஊர் வந்து சேர்கிறான். வாயிலில் நின்ற அத்தை அவனைக் கண்டதும், “உங்க அப்பா நம்மளை விட்டுட்டுப் போயிட்டாரே, சாமி!” என்று கதறுகிறாள். அந்த ஒரு சொல்லில் அவன் நிலைகுலைந்து திண்ணையில் சாய்ந்துவிடுகிறான். செய்தி ஒன்றே. காலையில் அதைத் தானே சொன்னவனும் அவனே. ஆயினும், காலையில் நாவினின்று எளிதாய் உதிர்ந்த செய்தி, இரவில் நெஞ்சைப் பிளப்பானேன்?

‘அவனுக்கு ஆங்கிலம் நன்கு தெரியாது, அதனால்தான் அச்சொல் அவனைத் தொடவில்லை’ என்று விடை கூறுவார் உளர். அவ்விடை பொருந்தாது. அவன் ஆங்கிலத்திலேயே படித்துப் பட்டம் பெற்றவன். அம்மொழியிலேயே நாள்தோறும் தொழில் செய்பவன். அச்சொல்லின் பொருளை அவன் ஐயமற அறிவான். பொருளை அறிதல் வேறு. அப்பொருள் உள்ளத்தைத் தொடுதல் வேறு.

இன்னொரு தடையும் உண்டு. அது சற்று வலியது. மேலாளர் அயலார், அத்தை உறவினர். அலுவலகம் வேறிடம், சாவு வீடு வேறிடம். ஆகவே, வேறுபாட்டுக்குக் காரணம் மொழியா, இடமும் ஆளுமா என்று கேட்பது முறையே. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அரியலூருக்கு அருகில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் சிதைந்து, தூத்துக்குடி விரைவு இரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிக்கையையும், மகனை இழந்த ஒரு தாயின் ஒப்பாரியையும் அருகருகே வைத்து, ‘பாருங்கள், ஆங்கிலம் குளிர்ந்த மொழி’ என்று ஒருவர் கூறின், அது நேர்மையான வாதம் ஆகாது. அறிக்கை எம்மொழியில் எழுதப்படினும் குளிர்ந்தே இருக்கும். ஒப்பாரி எம்மொழியில் பாடப்படினும் சுடவே செய்யும். மொழியின் பங்கு எவ்வளவு என்பதை அறிய வேண்டுமாயின், ஆளும் இடமும் பொருளும் மாறாமல் நிற்க, மொழி ஒன்று மட்டும் மாற வேண்டும்.

அத்தகைய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2003ஆம் ஆண்டில் வெளிவந்தன. அமெரிக்க நாட்டின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் ஹாரிஸ், ஜீன் பெர்க்கோ கிளீசன் ஆகியோரும், துருக்கி நாட்டு அறிஞராகிய ஆய்ஷே ஆய்ச்சிசெகியும் அதனைச் செய்தனர். துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, வளர்ந்தபின் ஆங்கிலம் கற்றவர் முப்பத்திருவர் அதில் பங்கு கொண்டனர்.

‘உமக்கு எம்மொழியில் உணர்ச்சி மிகுதி?’ என்று அவர்களை வாய்விட்டுக் கேட்பதோடு அறிஞர்கள் அமைதி கொள்ளவில்லை. வாய் தன் விருப்பப்படி விடை கூறும். உடல் அவ்வாறு கூறாது. அச்சமோ நாணமோ சினமோ தோன்றும்போது, உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் உள்ள வியர்வைச் சுரப்பிகள் சிறிது ஈரம் கசியும். அது கண்ணுக்குப் புலப்படாத அளவினதாகவும் இருக்கலாம். ஆயினும், ஈரம் மிகுந்தால் தோல் மின்சாரத்தைக் கடத்தும் ஆற்றலும் மிகும். விரல்களில் இரு சிறு தகடுகளைப் பொருத்தி, உணரவும் முடியாத மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினால், அந்த ஏற்றத்தைக் கருவி கோடாக வரைந்து காட்டும். சொல் செவியில் விழுந்து ஓரிரண்டு நொடிகள் கழிந்தபின் கோடு மேலெழும். பின்னர் மெல்லத் தணியும். இதனை எவரும் எண்ணி நடத்த இயலாது; எண்ணி அடக்குவதும் அரிது.

இக்கருவியைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும். ஒருவர் இருமினாலும், ஆழ மூச்சு விட்டாலும், கையை அசைத்தாலும் கோடு ஏறிவிடும். ஒரே வகைச் சொற்களை அடுத்தடுத்துக் கூறினால், உடல் பழகிப்போய் ஏற்றம் குறைந்துவிடும். ஆதலின், உணர்ச்சியற்ற சொற்களை இடையிடையே கலந்து வைத்தல் இன்றியமையாதது. மேலும், கோடு உணர்ச்சியின் அளவைக் காட்டுமே அன்றி, அது மகிழ்ச்சியா துயரமா என்று காட்டாது.

பங்கு கொண்டோர் இரு மொழிகளிலும் சொற்களைக் கண்ணால் படித்தனர், காதாலும் கேட்டனர். ஒவ்வொன்றும் எவ்வளவு இனிமையானது அல்லது இனிமையற்றது என்று மதிப்பிட்டனர். உணர்ச்சியற்ற பொதுச் சொற்களும், இனிய சொற்களும், இன்னாச் சொற்களும், அவையில் கூறத்தகாத வசைகளும் அவற்றுள் இருந்தன. பெற்றோர் சிறு பிள்ளைகளைக் கடிந்து கூறும் தொடர்களும் இருந்தன. தமிழில் கூறுவதாயின், ‘உனக்கு வெட்கமாக இல்லையா?’ என்பது போன்ற தொடர்கள் அவை. வசைச் சொற்கள் ஆங்கிலத்திலும் ஓரளவு ஏற்றத்தை விளைத்தன. தாய்மொழியில் அது இன்னும் மிகுந்தது. வேறுபாடு தெளிவாய்ப் புலப்பட்ட இடம் கடிந்துரைத் தொடர்களே. துருக்கி மொழியில் கேட்டபோது கோடு எழுந்தது. அதே கண்டிப்பை ஆங்கிலத்தில் கேட்டபோது அவ்வாறு எழவில்லை. துருக்கி மொழித் தொடரைக் கேட்டபோது தம் வீட்டார் குரலே உள்ளத்தில் ஒலித்தது என்று சிலர் கூறினர். வளர்ந்து பெரியவராகி, அயல்நாட்டில் அமர்ந்திருக்கும் ஒருவரின் விரல் நுனி, என்றோ கேட்ட கண்டிப்பை இன்னும் மறக்கவில்லை!

இதன் காரணத்தை அறியச் சொற்கள் உள்ளத்துள் எவ்வாறு புகுகின்றன என்று நோக்குதல் வேண்டும். பெரம்பலூரை அடுத்த ஒரு சிற்றூரில், சோளத்தட்டைப் போரின் அருகே மூன்று வயதுக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று பாட்டி, “பாம்பு! பாம்பு!” என்று அலறி ஓடிவந்து அதனை வாரி எடுக்கிறாள். அவள் மார்பு படபடக்கிறது. பிடித்த பிடியில் குழந்தையின் கை வலிக்கிறது. அண்டை வீட்டார் தடியோடு ஓடி வருகின்றனர். ‘பாம்பு’ என்னும் சொல் அன்று அக்குழந்தைக்குள் தனியே புகவில்லை. அலறலும் ஓட்டமும் படபடப்பும் அதனோடு பின்னிப் புகுந்தன. அதே குழந்தை பின்னர்ப் பள்ளியில், வண்ணப்படம் ஒன்றைச் சுட்டி ஆசிரியர் கூற, ‘ஸ்நேக்’ என்று பலமுறை ஒப்பிக்கிறது. அப்போது அச்சம் இல்லை. சரியாகக் கூறினால் பாராட்டு, தவறினால் மீண்டும் ஒருமுறை. அச்சொல்லுக்குப் பொருள் கிடைத்தது, வேர் கிடைக்கவில்லை.

அச்சச் சொல்லுக்கு மட்டும் உரிய நிலை அன்று இது. ‘அம்மா’, ‘பசி’, ‘போகாதே’, ‘பயப்படாதே’ என்பன யாவும் உள்ளம் தன்னை அடக்கிக்கொள்ளக் கற்கும் முன்னரே, அழுகையோடும் அணைப்போடும் கற்கப்பட்டவை. இரண்டாம் மொழியோ பெரும்பாலும் மேசையின் முன் அமர்ந்து, புத்தகமும் தேர்வும் துணையாகக் கற்கப்படுகிறது. அறிவு அதனை ஏற்றுக்கொள்கிறது. உடல் அதில் பங்கு கொள்வது குறைவு.

இவ்விளக்கம் உண்மையாயின், இரண்டாம் மொழியையும் மழலைப் பருவத்திலேயே வீட்டிலும் தெருவிலும் கற்றவர்க்கு இவ்வேறுபாடு இருத்தல் ஆகாது. அவ்வாறே காணப்பட்டது. ஹாரிஸ் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் அறிந்தோரைச் சோதித்தார். சிறு வயது முதல் அமெரிக்காவில் வளர்ந்தவர்கள் இரு மொழிக் கண்டிப்புக்கும் ஒத்த அளவில் நெகிழ்ந்தனர். ஆங்கிலத்தைப் பிற்பட்டுக் கற்றவர்களிடமே வேறுபாடு தோன்றியது. பெரம்பலூர்ப் பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உள்ளன. அவ்வீட்டுப் பிள்ளை அடுப்படியில் தெலுங்கிலும், அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு சண்டையிடும்போது தமிழிலும் பேசி வளர்கிறது. அப்பிள்ளைக்குத் தமிழ் வீட்டுமொழி அன்று. ஆயினும் தமிழ் வசையும் தமிழ்க் கொஞ்சலும் அதனைச் சுடும், குளிர்விக்கும். எண்ணிக்கையில் இரண்டாவதாய் வந்த மொழி என்பதனாலேயே உணர்ச்சி குறைந்துவிடுவதில்லை. அது எவ்வயதில், எவ்வகை வாழ்வினூடே வந்தது என்பதே கருதத்தக்கது. இரண்டாம் மொழியில் பல்லாண்டு வாழ்ந்து, அதிலேயே காதலித்து, அதிலேயே பிள்ளை வளர்த்தவர்க்கு அதுவும் காலப்போக்கில் வெம்மை பெறுதல் உண்டு.

இக்குளிர்ச்சி எப்போதும் குறையே என்று கருதலாகாது. சிலர் அதனைத் தேடியே செல்கின்றனர். ரால்ஃப் கிரீன்சன் என்னும் அமெரிக்க உளமருத்துவர், ஆஸ்திரிய நாட்டிற் பிறந்த ஒரு பெண்மணிக்குச் செய்த மருத்துவத்தைப் பற்றி 1950ஆம் ஆண்டில் எழுதினார். மருத்துவரும் ஜெர்மானிய மொழி அறிந்தவரே. எனினும், அப்பெண்மணி தம் தாய்மொழியில் பேச விரும்பவில்லை. அம்மொழியில் பேசினால் தாம் மீண்டும் அஞ்சி நடுங்கும் சிறுமியாகிவிடுவதாகவும், ஆங்கிலத்திலோ பண்பட்ட பெண்ணாக இருப்பதாகவும் அவர் உணர்ந்தார். ஆங்கிலம் அவருக்கு ஒரு திரைச்சீலை. திரைக்கு இப்பால் நின்று பழந்துன்பத்தைப் பேசுவது எளிது. ஆனால் துன்பம் திரைக்கு அப்பாலேயே தங்கிவிடும்.

மருத்துவமனைகளில் இத்திரை நாள்தோறும் தொங்குகிறது. தாயைப் பெரம்பலூர் மருத்துவமனைக்கு அழைத்து வந்த படித்த மகளிடம், மருத்துவர் ஆங்கிலச் சொற்களால் நோயை விளக்குகிறார். ‘மேலிக்னன்ட்’ என்ற சொல்லின் பொருளை அவள் அறிவாள். தலையசைக்கிறாள், எந்த மருந்து, எத்தனை முறை, எவ்வளவு செலவு என்று ஒழுங்காக வினவுகிறாள். ‘மனத்திடம் உடைய பெண்’ என்று மருத்துவர் எண்ணிக்கொள்கிறார். அவள் வெளியே வருகிறாள். நீண்ட பலகையில் அமர்ந்திருந்த தாய், “டாக்டரு என்னம்மா சொன்னாரு?” என்கிறாள். இப்போது அதனைத் தமிழில் கூற வேண்டும். ‘புற்றுநோய்’ என்னும் சொல் மகளின் தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது. அறையினுள் அவள் காட்டிய அமைதியில் மனத்திடத்தின் பங்கு எவ்வளவு, மொழியின் பங்கு எவ்வளவு என்பது மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. அவர் தமிழில் ஒரு வினா கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.