ஃப்ரீலான்ஸருக்கு அனுப்பும் மெயிலில் விடக்கூடாத வரி

புது ஸ்டார்ட்அப்புக்கு வெளியாள் ஒருவர் ஆப் எழுதித் தருகிறார் என்றால், வேலையின் எல்லையை எண்ணிக்கையோடு மெயிலில் சொல்லுங்கள்: "ஆறு திரைகள், இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம்." மொத்தம் ₹60,000 என்றால் முன்பணம் 20,000, முதல் வடிவம் ஓடியதும் 20,000, ஒப்படைத்த ஏழு நாளுக்குள் மீதி.

பலர் கோட்டைவிடுவது உரிமையில்தான். பணம் கொடுத்துவிட்டதாலேயே நிரல் நமதாகிவிடாது. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியரல்லாத ஒருவர் எழுதிய நிரலுக்கு அவரே முதல் உரிமையாளர். எழுத்தில், கையெழுத்திட்டு அவர் மாற்றித் தரவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் கொள்ளும். ஆகவே, "முழுத் தொகையும் கிடைத்ததும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகெங்கும் உரிமை நிறுவனத்துக்கே" என்று எழுதுங்கள். "சரி" என்று வரும் பதில் மெயிலோடு நின்றுவிடாமல், அதே வரிகளைத் தாளில் எடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.