வீடு பார்க்க ஆட்கள் வருகினம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் ஆட்கள் பலர் வீட்டுக்காரராக இருக்கிறார்கள். அதே தெருக்களில் பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களிலும் எங்கள் ஆட்கள் நிறைய. இரண்டு பக்கமும் ஊர்ச்சனம் என்பதால் பல விடயங்கள் வாய்ப்பேச்சிலேயே நடந்துவிடும். வீட்டை விற்கப் போடும் வரைக்கும் அது பிரச்சினையாகத் தெரியாது. விற்பனைப் பலகை முற்றத்தில் ஏறிய பிறகுதான், யார் எப்போது கதவைத் திறக்கலாம் என்ற கேள்வி வருகிறது. அதற்கு இரு தரப்பும் சொல்லும் பதில்களில் பாதி பிழையானவை. சரியான பதில் ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தில், 25ஆம் பிரிவு முதல் 27ஆம் பிரிவு வரை இருக்கிறது.

நம்பிக்கை: "என்ரை வீடு, என்னட்டைத் திறப்பு இருக்கு. நான் எப்பவும் போகலாம்."

வீடு உங்களுடையதுதான். ஆனால் வாடகைக்குக் கொடுத்த நாளிலிருந்து உள்ளே இருக்கும் உரிமை குடியிருப்பவருடையது. சட்டம் குறிப்பிட்ட காரணங்களுக்கு, குறிப்பிட்ட முறையில் மட்டுமே வீட்டுக்காரர் உள்ளே போகலாம். வாடகை ஒப்பந்தத்தில் "வீட்டுக்காரர் எந்நேரமும் வரலாம்" என்று எழுதி, குடியிருப்பவர் கையெழுத்து வைத்திருந்தாலும் அந்த வரி செல்லாது. இந்தச் சட்டத்துக்கு முரணான ஒப்பந்த வரி எதுவும் வெற்று என்று 4ஆம் பிரிவு சொல்கிறது.

அறிவித்தல் இல்லாமல் போகக்கூடிய சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டுவது, புகை வருவது போன்ற அவசரம் ஒன்று. கதவைத் தட்டும் அந்த நேரத்தில் குடியிருப்பவரே "வாங்கோ" என்று சம்மதிப்பது இன்னொன்று. வாங்க விரும்புகிறவர் வெளியூரிலிருந்து வந்து நாளைக்குத் திரும்பிப் போகிறார் என்பது அவசரமல்ல.

நம்பிக்கை: "வெளிக்கிடச் சொல்லி நோட்டீஸ் குடுத்தாச்சு. இனி வீடு காட்ட அறிவித்தல் தேவையில்லை."

கூடுதலாகக் குழப்பம் தருவது இதுதான். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் பிழை நிலைத்து நிற்கிறது. 26ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. வாடகை முடிவதாக ஒரு தரப்பு அறிவித்தல் கொடுத்திருந்தால், அல்லது இருவரும் முடித்துக்கொள்ளச் சம்மதித்திருந்தால், அடுத்து வாடகைக்கு வரக்கூடியவருக்கு வீட்டைக் காட்ட 24 மணி நேர எழுத்து அறிவித்தல் தேவையில்லை. காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் போக வேண்டும். போவதற்கு முன் குடியிருப்பவருக்குத் தெரியப்படுத்த நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தச் சலுகை புதிதாக வாடகைக்கு வருபவருக்குக் காட்டுவதற்கு மட்டுமே. வீட்டை வாங்க வருபவருக்குக் காட்டுவது 27ஆம் பிரிவின் கீழ் வருகிறது. குடியிருப்பவர் அடுத்த மாதம் போகப்போகிறார் என்றாலும், வாங்குபவரைக் கூட்டிவர 24 மணி நேரத்துக்கு முந்திய எழுத்து அறிவித்தல் கட்டாயம்.

வீட்டைக் காட்டக் கூட்டிவரக்கூடியவர் வீட்டுக்காரர். அல்லது பதிவு பெற்ற ரியல் எஸ்டேட் முகவர், அதுவும் வீட்டுக்காரர் எழுத்தில் அனுமதி கொடுத்தவராக இருக்க வேண்டும். லொக்பொக்ஸ் இலக்கத்தை வாங்குபவரிடம் சொல்லி "நீங்களே போய்ப் பாருங்கோ" என்று விடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

வெளிக்கிடச் சொல்வது பற்றியும் ஒரு சொல். வீடு விற்பனைக்கு வந்துவிட்டது என்பதால் வாடகை ஒப்பந்தம் முடிவதில்லை. வாங்குபவர் தானோ, துணையோ, பிள்ளையோ, பெற்றோரோ குடியேறப்போகிறார் என்றால், விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் என் 12 என்ற அறிவித்தலைக் கொடுக்க முடியும். குறைந்தது 60 நாள் அவகாசமும் ஒரு மாத வாடகைக்குச் சமமான நட்டஈடும் கொடுக்க வேண்டும். பலகை நட்ட அன்றே "வீடு விக்கிறன், நீங்கள் வேற இடம் பாருங்கோ" என்று சொல்வது சட்டப்படியான அறிவித்தல் அல்ல.

நம்பிக்கை: "வாட்ஸ்அப்பில் போட்டால் அறிவித்தல்தானே?"

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பேஸ்மென்டில் இரண்டு பிள்ளைகளுடன் ஒரு தாய் இருக்கிறார். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. காலை 8 மணிக்கு வந்து படுப்பார். வெள்ளி இரவு 9 மணிக்கு வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்: "தங்கச்சி, நாளைக்குக் காலமை 10 மணிக்கு ஆக்கள் வருவினம்."

மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் மூன்று இடத்தில் பிழை. இரவு 9 மணிக்கும் மறுநாள் காலை 10 மணிக்கும் இடையில் 13 மணி நேரம்தான். என்ன காரணத்துக்கு வருகிறார்கள் என்பது இல்லை. அனுப்பிய வழியும் சட்டம் ஏற்கும் வழிகளில் இல்லை. கையில் கொடுப்பது, வீட்டில் உள்ள வளர்ந்த ஒருவரிடம் கொடுப்பது, கதவின் கீழால் தள்ளுவது, தபால் பெட்டியில் போடுவது எல்லாம் செல்லும். மின்னஞ்சல் செல்ல வேண்டுமென்றால் குடியிருப்பவர் அதற்கு முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். தபாலில் அனுப்பினால், அனுப்பிய ஐந்தாம் நாள்தான் கிடைத்ததாகக் கணக்கு. ஆகவே வீடு காட்ட அது உதவாது.

அதே வீட்டுக்காரர் வியாழன் மாலை 6 மணிக்கு ஒரு தாளை எழுதிக் கையில் கொடுத்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். அந்தத் தாளில் இவ்வளவு போதும்:

"வீட்டை வாங்க விரும்பும் ஒருவருக்குக் காட்டுவதற்காக, வரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு உங்கள் பேஸ்மென்ட் பகுதிக்குள் வருவோம். என்னுடைய எழுத்து அனுமதியுடன் என் முகவர் வாங்குபவரைக் கூட்டிவருவார். சுமார் இருபது நிமிடம் எடுக்கும். இந்தத் தாள் வியாழக்கிழமை மாலை 6 மணிக்குக் கையில் கொடுக்கப்பட்டது."

சட்டம் கேட்பது காரணம், நாள், காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடைப்பட்ட ஒரு நேரம். இருபது நிமிடம் என்பதும் கொடுத்த நேரத்தைக் குறிப்பதும் சட்டம் கேட்காதவை. ஆனால் பிறகு ஒரு தர்க்கம் வந்தால் அந்தக் கடைசி வரிதான் காப்பாற்றும். வியாழன் மாலை 6 மணிக்குக் கொடுத்தால் வெள்ளி மாலை 6 மணிக்கு முன் யாரும் வரக்கூடாது. தாளில் குறிக்கும் நேரம் வெள்ளி மாலை 6 முதல் 8 வரை இருக்கலாம். தவறினால் சனி காலை 8 மணிக்குப் பிறகு.

நம்பிக்கை: "நான் வீட்டிலை இல்லாட்டி ஒருத்தரும் வரேலாது. எனக்குச் சரிவராட்டி மறுக்கலாம்."

இது குடியிருப்பவர் பக்கத்துப் பிழை. அறிவித்தல் முறைப்படி இருந்தால் உங்கள் சம்மதம் தேவையில்லை. நீங்கள் வீட்டில் இருக்கவும் தேவையில்லை. நீங்கள் வேலையில் இருக்கும்போது திறப்பால் திறந்து உள்ளே போவது சட்டப்படி சரி. அதேபோல நீங்கள் வீட்டிலேயே இருப்பதற்கும் தடையில்லை. வீடு காட்டும் நேரத்தில் வெளியே போகும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

முறையான அறிவித்தலை மீறிக் கதவைத் திறக்காமல் விடுவது ஆபத்து. அது வீட்டுக்காரருடைய சட்டபூர்வ உரிமைக்கு இடையூறு என்று என் 5 அறிவித்தல் வரலாம். அது வெளியேற்றும் விண்ணப்பத்தில் போய் முடியலாம். கோபத்தில் பூட்டை மாற்றுவது இன்னும் மோசம். வீட்டுக்காரரின் சம்மதமில்லாமல் பூட்டை மாற்றுவதை 35ஆம் பிரிவு தடுக்கிறது. அறிவித்தலில் பிழை இருந்தால் அந்தப் பிழையைச் சுட்டி எழுத்தில் பதில் கொடுங்கள்: "24 மணி நேரம் தரவில்லை, சனி 2 மணிக்குப் பிறகு வாருங்கள்" என்றால் போதும்.

நம்பிக்கை: "24 மணி நேரம் குடுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை தரமும் வரலாம்."

எத்தனை தரம் என்று சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழமைக்கு ஏழு நாளும் ஆட்களைக் கூட்டிவரும் முகவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 22ஆம் பிரிவு குடியிருப்பவரின் நியாயமான வாழ்வனுபவத்தைப் பெரிதும் குலைக்கக் கூடாது என்கிறது. ஒவ்வொரு அறிவித்தலும் தனித்தனியாகச் சரியாக இருந்தாலும், எல்லாம் சேர்ந்து ஒருவரை நித்திரை கொள்ள விடாமல், பிள்ளைகளைப் படிக்க விடாமல் செய்தால், அது அந்தப் பிரிவை மீறியதாகக் கருதப்படலாம்.

பரிசோதிக்க வருவதற்கும் இதுதான் கதை. வீடு நல்ல நிலையில், குடியிருக்கத் தகுந்ததாக இருக்கிறதா என்று பரிசோதிக்க 27ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அந்தப் பரிசோதனை நியாயமானதாக இருக்க வேண்டும். கூரை ஒழுகுகிறதா, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பது நியாயம். ஒவ்வொரு கிழமையும் "இன்ஸ்பெக்ஷன்" என்று வந்து குளிரூட்டிப் பெட்டியைத் திறந்து பார்ப்பது பரிசோதனையல்ல.

மேலே சொன்ன தாயின் விடயத்தில் நேரம்தான் முக்கியம். காலை 10 மணி சட்டப்படி சரியான நேரம். ஆனால் இரவு வேலை செய்பவருக்கு அது நடுச்சாமம். வீட்டுக்காரர் விற்பனைக்குப் போடமுன் அவருடன் உட்கார்ந்து, செவ்வாய், வியாழன் மாலை 5 முதல் 7 வரை, சனி பிற்பகல் 1 முதல் 4 வரை என்று ஒரு ஒழுங்கு செய்யலாம். முகவரும் அந்த நேரங்களுக்கு மட்டுமே பார்வையிட அனுமதி கொடுக்கலாம். இந்த உடன்பாடு அறிவித்தலுக்கு மாற்று அல்ல. ஒவ்வொரு வருகைக்கும் தாள் போகத்தான் வேண்டும். ஆனாலும் நான் கண்டவரையில் இப்படிச் செய்த வீடுகளில் தர்க்கம் குறைவு. ஒழுங்காக வைத்திருந்த அறையை வாங்குபவர் பார்ப்பதும், நித்திரையால் எழும்பிய கோபமான முகத்தைப் பார்ப்பதும் விலையிலும் வித்தியாசம் காட்டும் என்பதை வீட்டுக்காரர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருடனோ அவருடைய நெருங்கிய குடும்பத்தினருடனோ குசினியையோ குளியலறையையோ பகிர வேண்டிய அறை வாடகைக்கு, அவரும் அதே கட்டடத்தில் வசித்தால், இந்தச் சட்டம் பொருந்தாது. தனிக் குசினியும் தனிக் குளியலறையும் உள்ள பேஸ்மென்டுக்குப் பொருந்தும். நகரசபை அனுமதி எடுக்காத பேஸ்மென்ட் என்பதால் குடியிருப்பவர் தன் உரிமையை இழப்பதில்லை.

சட்டத்துக்கு மாறாக உள்ளே நுழைவது அபராதம் விதிக்கக்கூடிய குற்றம். வாடகைக் குறைப்போ நட்டஈடோ கேட்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர்–குடியிருப்பாளர் சபைக்கு ரி 2 விண்ணப்பம் கொடுக்க வேண்டும். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்காவிட்டால் அது ஏற்கப்படாது. ஆகவே கதவின் கீழால் வந்த ஒவ்வொரு தாளையும், வந்த திகதியையும் நேரத்தையும் அதன் மேலே எழுதி, படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்காரரே, நீங்களும் கொடுத்த தாளின் ஒரு பிரதியை வைத்திருங்கள்.