உடைந்து வந்த பார்சல்: பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பேனா டிஸ்பிளே வரவழைத்தோம். திரை மேலேயே பேனாவால் வரையலாமே, அந்தக் கருவி. வெளிநாட்டுக் கடை, விலை 249 யூரோ, கூரியருக்கு 28 யூரோ. பிரித்துப் பார்த்தால் வலது மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. விரிசலை மட்டும் படமெடுத்து அன்றே அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: "வெளிப்பெட்டியின் படமும் அதில் ஒட்டிய லேபிளின் படமும் வேண்டும்." பெட்டியோ அதற்குள் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. அந்தப் பணம் வரவே இல்லை.

கடைக்காரர் ஏன் பெட்டியைக் கேட்கிறார்? நம்மை நம்பாததால் மட்டுமல்ல. நமக்குக் கொடுக்கும் பணத்தை அவர் கூரியர் நிறுவனத்திடம் கேட்டு வாங்கப் பார்ப்பார். வெளியே அடிபட்டிருக்கிறதா, உள்ளே பேக்கிங் சரியாக இருந்ததா என்பதை வைத்துத்தான் கூரியர்காரர்கள் முடிவெடுப்பார்கள். விமானச் சரக்குக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதத்தைப் பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். (தபாலில் வரும் பார்சலுக்கு இது பொருந்தாது.) ஆகவே வந்த அன்றே எழுதுங்கள். பணம் கைக்கு வரும்வரை பெட்டி, தெர்மோகோல், பபிள் ராப் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

படங்களை வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் எடுங்கள். முதலில் நசுங்கிய பக்கம் தெரியும்படி முழுப் பெட்டி. அடுத்து டிராக்கிங் எண்ணைப் படிக்க முடியும்படி லேபிள். பிறகு பொருளை வெளியே எடுக்காமலே, திறந்த பெட்டியின் உள்பக்கம். எந்த மூலையில் தெர்மோகோல் இல்லை என்பது இதில்தான் தெரியும். அதன்பின் விரிசல், கடைசியாக சீரியல் எண். கண்ணாடி விரிசல் நேரே எடுத்தால் தெரியாது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் கோடு பளிச்சென்று விழும். கோப்புகளுக்கு இப்படிப் பெயர் வையுங்கள்:

```
01_box.jpg
02_label.jpg
03_packing.jpg
04_crack.jpg
05_serial.jpg
```

படங்களை வாட்ஸ்அப் வழியாகக் கணினிக்கு மாற்ற வேண்டாம். அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதியும் அழிந்துவிடும். ஐபோனில் எடுத்தால் HEIC கோப்பை JPEG ஆக மாற்றி அனுப்புங்கள். பல கடைகளின் கணினியில் HEIC திறக்காது.

கடிதம் ஆறேழு வரி போதும். தலைப்பிலேயே ஆர்டர் எண்ணையும் 'சேதமாக வந்தது, பணம் திரும்பத் தேவை' என்பதையும் போடுங்கள். உள்ளே ஆர்டர் செய்த தேதி, பொருள் வந்த தேதி, டிராக்கிங் எண், என்ன உடைந்திருக்கிறது என்பதை ஒரே வரியில். கோபத்துக்கு அங்கே வேலையில்லை. அடுத்த வரிதான் முக்கியம்: எவ்வளவு வேண்டும்? 'தக்க நடவடிக்கை எடுங்கள்' என்று எழுதினால் அடுத்த ஆர்டருக்கு ஒரு கூப்பன் வரும். '249 யூரோவும் கூரியர் கட்டணம் 28 யூரோவும் சேர்த்து 277 யூரோ, கட்டிய அதே கார்டுக்கு' என்று எழுதுங்கள். பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிடுங்கள். இன்வாய்ஸையும் படங்களோடு இணைத்துவிடுங்கள். இங்கே கட்டிய சுங்க வரியைக் கடைக்காரர் பொதுவாகத் தரமாட்டார். அது அவரிடம் போன பணமல்ல.

முதல் பதிலில் பெரும்பாலும் பாதியோ அதற்கும் குறைவாகவோ தருவதாகச் சொல்வார்கள். பொருளை அப்படியே பயன்படுத்த முடியுமென்றால் ஏற்கலாம். வரையும் திரையில் விரிசல் என்றால் முடியாது. மறுத்து, முழுத் தொகையை மறுபடி எழுதுங்கள். திருப்பி அனுப்பச் சொன்னால், கட்டணம் கட்டிய லேபிளை அவர்களே அனுப்பட்டும். அது வராமல் உங்கள் செலவில் அனுப்பாதீர்கள்.

'இரண்டு வாரம் பொறுங்கள், பேபால் புகாரை மூடிவிடுங்கள்' என்று கேட்டால் மட்டும் இணங்கவே கூடாது. பேபாலில் பணம் கட்டிய 180 நாளுக்குள் தகராறு பதிவு செய்யலாம். ஆனால் பதிந்த 20 நாளுக்குள் அதை அடுத்த கட்டக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாக மூடிவிடும், மறுபடி திறக்க முடியாது. அந்த இருபதாம் நாளை அலுவலகக் காலண்டரில் குறித்து வையுங்கள். நேரடியாகக் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம். கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்ததற்கு இந்தக் கடிதப் போக்குவரத்தே சான்று.

'பணம் அனுப்பிவிட்டோம்' என்று பதில் வந்தும் கணக்கில் ஏறவில்லையா? கடைக்காரரிடம் ARN என்ற 23 இலக்க எண்ணைக் கேளுங்கள். கார்டு வழியாகத் திரும்பும் தொகைக்குப் பெரும்பாலும் அது உண்டு. அதை வங்கியிடம் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்வார்கள்.