முனையும் விளிம்பும் முகமும்

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளித் துறைமுகம் நோக்கிச் செல்லும் சாலையில், சரக்குப் பெட்டகங்களைச் சுமந்து செல்லும் பார வண்டிகளைக் காணலாம். பெட்டகத்தின் ஒவ்வொரு மூலையிலும் துளையுடைய எஃகு வார்ப்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். துறைமுகத்துப் பாரந்தூக்கி மேல்மூலைகள் நான்கினைப் பற்றித் தூக்கும். வண்டியிலுள்ள பூட்டுகள் கீழ்மூலைகள் நான்கினைப் பிணைக்கும். ஆகவே, பெட்டகத்தின் முனைகள் 8 என்பது எண்ணாமலே விளங்கும்.

விளிம்புகளை எண்ணும்போதுதான் தடுமாற்றம் நேர்கிறது. கண்போன போக்கில் எண்ணினால் ஒன்று விடுபடும். மற்றொன்று இருமுறை வரும். மேற்புறச் சட்டங்கள் 4, கீழ்ப்புறச் சட்டங்கள் 4, நிமிர்ந்த தூண்கள் 4 என வகுத்து எண்ணினால் விளிம்புகள் 12 எனத் தெளியலாம். கூரை, தரை, பக்கச்சுவர் இரண்டு, பின்சுவர், கதவுப்புறம் என முகங்கள் 6. கதவு இரண்டாகத் திறந்தாலும், மூடிய நிலையில் ஒரே தளத்தில் அமைவதால் அது ஒரு முகமே. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் சமமான கனச்சதுரத்திற்கும் இவையே எண்கள். பெட்டகம் நீண்டாலும் குறுகினாலும் இவை மாறுவதில்லை.

இனி, இருபுறமும் சரிந்த கூரையுடைய தொழிற்கூடம் ஒன்றைக் கருதலாம். அதன் முன்சுவர் ஐந்து பக்கங்களைக் கொண்டது, பின்சுவரும் அவ்வாறே. எனவே, அக்கட்டடம் ஓர் ஐங்கோணப் பட்டகம். முன்புறம் 5, பின்புறம் 5 என முனைகள் 10. முன்சுவரைச் சுற்றி 5, பின்சுவரைச் சுற்றி 5, இரண்டையும் இணைத்து நீளவாக்கில் செல்வன 5 என விளிம்புகள் 15. முகங்கள் 7.

கனச்சதுரத்தில் 8 − 12 + 6 = 2; பட்டகத்தில் 10 − 15 + 7 = 2. முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் கிடைப்பது 2. சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித அறிஞர் லியோனார்டு ஆய்லர், 1750ஆம் ஆண்டில் கோல்டுபாக்கிற்கு எழுதிய மடலில் இத்தொடர்பைக் குறிப்பிட்டார்.

உருவம் மாறியும் விடை மாறாதது ஏன்? மரத்தாலான கனச்சதுரம் ஒன்றின் ஒரு மூலையை மட்டும் சிறிதளவு அறுத்து நீக்குவதாகக் கொள்வோர் இதனை எளிதில் உணர்வர். பழைய முனை ஒன்று மறைந்து புதிய முனைகள் மூன்று தோன்றுகின்றன, மிகுவது 2. அறுத்த இடத்தில் முக்கோண முகம் ஒன்றும் அதன் விளிம்புகள் மூன்றும் புதிதாகச் சேர்கின்றன. மாற்றம் 2 − 3 + 1, அதாவது சுழி. முனையும் முகமும் சேர்ந்து பெருகிய அளவே விளிம்பும் பெருகியது. இவ்வுருவத்திற்கும் 10, 15, 7 என்பனவே எண்கள். ஆயினும் இது பட்டகமன்று. எண்கள் ஒத்திருப்பதால் உருவங்கள் ஒத்தன ஆகா.

இத்தொடர்பு எண்ணிக்கையின் பிழையைக் காட்டிக்கொடுக்கும். தொழிற்கூடத்தின் முகங்களை எண்ணும் மாணவர், தாம் நிற்கும் தரையை மறந்துவிடுவதுண்டு. அப்போது 10 − 15 + 6 = 1 என வரும்; பிழை உடனே புலப்படும். ஆனால், தரையோடு ஒரு விளிம்பையும் மறந்தால் 10 − 14 + 6 = 2 என வந்து பிழை மறைந்துகொள்ளும். இதற்கு மற்றொரு சோதனை உண்டு. ஐங்கோணங்கள் இரண்டின் பக்கங்கள் 10, நாற்கரங்கள் ஐந்தின் பக்கங்கள் 20, ஆக 30. ஒவ்வொரு விளிம்பும் இரு முகங்களுக்குப் பொதுவாதலால் பாதியாக்கினால் 15 கிடைக்கும். 14 பிழை என்பது தெளிவாகும்.

இவ்விதி நடுவில் துளையற்ற உருவங்களுக்கே உரியது. மூலைகளில் சாய்வாக அறுத்து இணைத்த சன்னல் சட்டகத்தில், முன்னும் பின்னும் தெரியும் இணைப்புக் கோடுகளையும் விளிம்புகளாகக் கொண்டால், முனைகள் 16, விளிம்புகள் 32, முகங்கள் 16. அங்கே 16 − 32 + 16 = 0. எண்ணியதில் பிழையில்லை, நடுவிலுள்ள திறப்பே விடையை மாற்றியது.

கற்பவை கற்றபின்

1. அறுகோணப் பட்டக வடிவிலுள்ள, இன்னும் சீவப்படாத பென்சிலின் முனை, விளிம்பு, முகம் ஆகியவற்றை எண்ணித் தொடர்பைச் சரிபார்க்க.
2. அடிப்பக்கங்கள் n கொண்ட பட்டகத்தில் முனைகள் 2n, விளிம்புகள் 3n, முகங்கள் n + 2 ஆவது ஏன் என விளக்குக.