42 எபிசோடு என்றால் எத்தனை இரவு?

கேள்வி: பிள்ளைகள் தூங்கிய பிறகு நானும் கணவரும் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்க்கலாம் என்றிருக்கிறோம். ஐந்து சீசன், மொத்தம் 42 எபிசோடு. முதல் எபிசோடு 49 நிமிடம் என்று காட்டுகிறது. பெருக்கிப் பார்த்தால் 34 மணி நேரம் சொச்சம் வருகிறது. வாரத்தில் மூன்று நாள், இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை எங்களுக்கு நேரம் இருக்கும். எட்டு வாரத்தில் முடிந்துவிடும் என்கிறார் இவர். எனக்கு நம்பிக்கையில்லை. போன வருடம் ‘இருபதே எபிசோடுதான்’ என்று ஒரு கொரியத் தொடரை ஆரம்பித்து, அது முடிவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தொடங்கும் முன்பே சரியாகக் கணக்குப் போட வழி உண்டா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் சந்தேகம்தான் சரி. பெருக்கலில் தப்பில்லை. 49 என்ற எண்ணை எல்லா எபிசோடுக்கும் பொருத்தியதில்தான் தப்பு.

முன்பெல்லாம் இந்தப் பிரச்சினை இல்லை. தொலைக்காட்சியில் ஒரு தொடருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், விளம்பரம் போக மிச்சமிருக்கும் நேரத்துக்குள் கதையை அடக்கியாக வேண்டும். ‘பிரேக்கிங் பேட்’ அமெரிக்காவில் அப்படி ஒளிபரப்பானதுதான். 62 எபிசோடு, சராசரியாக 47 நிமிடம், ஆக மொத்தம் 49 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே ஏதோ ஒரு எபிசோடின் நீளத்தைப் பார்த்துப் பெருக்கினாலே விடை கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஓடிடிக்கென்றே எடுக்கும் தொடருக்கு அந்த வேலி கிடையாது. இயக்குநர் நீட்ட நினைத்தால் நீட்டலாம். தொடர் பெயர் வாங்கிவிட்டால் நீட்டாதே என்று சொல்ல ஆளும் இருக்காது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். 2016இல் வந்த முதல் சீசன் எட்டு எபிசோடும் சேர்த்து ஆறே முக்கால் மணி நேரம்தான். அடுத்த இரண்டு சீசன்களும் ஏழரை மணியை ஒட்டியே நிற்கின்றன. 2022இல் வந்த நான்காவது சீசனில் ஒன்பதே எபிசோடு, ஆனால் ஏறக்குறைய 13 மணி நேரம். அதன் கடைசி எபிசோடு மட்டும் 142 நிமிடம், ஒரு முழுநீளத் தமிழ்ப் படத்தின் அளவு. 2025இல் வந்த ஐந்தாவது சீசன் எட்டு எபிசோடில் பத்து மணியைத் தாண்டுகிறது. எல்லாம் சேர்த்தால் சுமார் 45 மணி நேரம். உங்கள் கணக்கில் 11 மணி நேரம் விட்டுப்போயிருக்கிறது.

ஒவ்வொரு எபிசோடாகக் கூட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். எபிசோடு பட்டியலில் ஒவ்வொன்றின் பெயருக்கருகிலும் நிமிடம் போட்டிருக்கும். சீசனுக்கு இரண்டே எண் போதும்: நடுவிலுள்ள எபிசோடு, கடைசி எபிசோடு. கடைசியைத் தனியே வைத்துவிட்டு, மீதி அத்தனையும் நடு எபிசோடின் நீளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது சீசனில் ஐந்தாம் எபிசோடு 76 நிமிடம். அதை எட்டால் பெருக்கினால் 608, கடைசி எபிசோடின் 142ஐச் சேர்த்தால் 750. அதாவது பன்னிரண்டரை மணி. உண்மைக்கு அரை மணிதான் குறைகிறது. முதல் சீசனிலும் போட்டுப் பாருங்கள், சில நிமிடங்களுக்கு மேல் பிசகாது. ஏதாவது ஒரு சீசனில் நடு எபிசோடு வழக்கத்தைவிட நீளமாக அமைந்து கணக்கைக் கொஞ்சம் தூக்கிவிடும். இன்னொரு சீசன் அதை இறக்கிவிடும். முதல் எபிசோடை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். கடைசி எபிசோடையும் நடு எபிசோடையும் மட்டும் கலந்து சராசரி எடுத்து எல்லாவற்றுக்கும் பெருக்காதீர்கள், அந்த 142 மொத்தக் கணக்கையும் ஊதிப் பெருக்கிவிடும்.

நீங்கள் பார்த்த கொரியத் தொடரின் பெயரைச் சொல்லவில்லை. ‘ரிப்ளை 1988’ ஆக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதுவும் 20 எபிசோடுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஓடும். முப்பது மணி நேரத்தை இருபது மணி என்று நம்பி உட்கார்ந்திருக்கிறீர்கள். கொரியத் தொடரில் ‘ஒரு எபிசோடு ஒரு மணி நேரம்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்; பட்டியலைத் திறந்து பாருங்கள்.

இப்போது 45 மணியை வாரத்துக்கு நாலரை மணியால் வகுத்து, பத்து வாரம் என்று நாள் குறித்துவிடுவீர்கள். அதுவும் நடக்காது. உங்களிடம் இருப்பது தொண்ணூறு நிமிடத் துண்டுகள். முதல் மூன்று சீசன்களில் எபிசோடு பெரும்பாலும் ஐம்பது நிமிடத்தைச் சுற்றியே இருக்கிறது. ஒன்று பார்த்தால் நாற்பது நிமிடம் மிஞ்சும், இரண்டு பார்த்தால் நூறைத் தாண்டும். பதினொரு மணிக்குக் கட்டாயம் படுத்தாக வேண்டும் என்றால் இரவுக்கு ஒன்றுதான், அப்படிப் பார்த்தால் 42 இரவு, பதினான்கு வாரம். அந்தச் சீசன்களுக்கு மட்டும் ஒன்பதே காலுக்கே உட்கார முடியுமா என்று யோசியுங்கள். பதினொன்று ஐந்து வரை இழுத்தால், சில நாள் இன்னும் பத்து நிமிடம் போனால், இரண்டிரண்டாக முடித்துவிடலாம். அந்த 25 எபிசோடும் பதினான்கு இரவில் முடியும். நான்காவது, ஐந்தாவது சீசன்களில் எபிசோடு பெரியது, இரவுக்கு ஒன்றுதான் ஓடும். அதற்குப் பதினேழு இரவு. மொத்தம் 31. இருபது நிமிடத்தை விட்டுக்கொடுத்ததில் 11 இரவு மிச்சம். அதனால்தான் நான் தொடரை மணிக்கணக்கில் அளப்பதே இல்லை, இரவுக்கணக்கில்தான்.

நடுவில் குழந்தை எழுந்து அழும், தேநீர் போடப் போவீர்கள், சப்டைட்டில் தவறிப்போய்ப் பின்னோக்கி ஓட்டுவீர்கள். எங்கள் வீட்டில் இதற்கே பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் போகிறது. மறுபக்கம், முன்கதைச் சுருக்கம், தலைப்பு இசை, கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றைத் தாண்டிவிட்டால் ஓரளவு திரும்பக் கிடைக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாமே என்று கணவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 80களின் பாட்டுகளைக் கதைக்குள் வைத்து எடுத்த தொடர் அது, பாட்டும் சேர்ந்தல்லவா ஓடும்.

ஆக, வாரம் மூன்று இரவும் தவறாமல் கிடைத்தால் பத்தரை வாரம். பண்டிகை, காய்ச்சல், ஊரிலிருந்து வரும் உறவினர் எல்லாம் போக மூன்று மாதம் என்று வையுங்கள். எல்லாவற்றுக்கும் இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டியதும் இல்லை. முதல் சீசனின் கதை பெரும்பாலும் அதற்குள்ளேயே முடிந்துவிடும், அதற்கு நான்கு இரவு போதும். பிடித்திருந்தால் மேலே போங்கள். நான்காவது சீசனின் கடைசி எபிசோடை மட்டும் எந்த இரவிலும் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பாருங்கள்.