பகடையைத் திருப்பினால் அச்சு எங்கே?

மாணவர்களே, மையம் இடம் மாறாமல் ஒரு பகடையை எத்தனை முறை, எப்படித் திருப்பினாலும், முடிவை ஒரே அச்சைச் சுற்றிய ஒரே சுழற்சியாகச் சொல்லிவிடலாம். 1775-இல் ஆய்லர் இதை நிரூபித்தார். அந்த அச்சையும் கோணத்தையும் சுழற்சி அணியிலிருந்தே எடுக்கலாம்.

x நோக்கிய பக்கம் y நோக்கியும், y பக்கம் z நோக்கியும், z பக்கம் x நோக்கியும் வருமாறு திருப்புங்கள். அதன் அணி R:

```
0 0 1
1 0 0
0 1 0
```

அச்சின் மேலுள்ள புள்ளி நகராது. ஆகவே Rv = v. அதாவது, v என்பது ஐகன் மதிப்பு 1 உடைய ஐகன் திசையன். v = (a, b, c) எனில் Rv = (c, a, b). இரண்டும் சமமாக a = b = c ஆக வேண்டும். அச்சு (1, 1, 1), அதாவது பகடையின் எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோடு.

கோணத்துக்கு மூலைவிட்டத்தில் உள்ள எண்களைக் கூட்டுங்கள். இதுவே சுவடு, சுழற்சி அணியில் இது எப்போதும் 1 + 2 cos θ. இங்கே சுவடு 0. எனவே cos θ = −1/2, θ = 120°. மூன்று முறை திருப்பிப் பாருங்கள், பகடை பழைய நிலைக்கு வரும்.

எதிர்ப்பக்கம் திருப்பினாலும் சுவடு 0 தான். பக்கத்தை அறிய R₃₂−R₂₃, R₁₃−R₃₁, R₂₁−R₁₂ ஆகியவற்றைக் கணக்கிடுங்கள். இங்கே (1, 1, 1) கிடைக்கும். வலக்கைக் கட்டைவிரலை அத்திசையில் நீட்டினால், மற்ற விரல்கள் மடங்கும் பக்கமே சுழற்சி. 180° சுழற்சியில் மூன்றும் 0 ஆகும். அப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் முடிவு ஒன்றே.